ஒரே தண்ணீர்த் தொட்டி, இரண்டு கூட்டங்கள்: கிராம சபையும் ஊராட்சி மன்றமும்

2023 மே 1, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் தொழிலாளர் தின விடுமுறை. மதியம் ஒன்றரை மணிக்குத் தேக்காவில் ஓர் உணவுக்கடையின் பின்மேசையில் நாங்கள் ஆறு பேர் ஒரு கைபேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒன்றரை மணி என்றால் ஊரில் பதினொன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்போதுதான் கிராம சபை தொடங்கியது. என் அக்கா மகன் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் மனைவி, என் மருமகள், ஊரில் சபைக்குள் உட்கார்ந்தபடி வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். மற்ற நான்கு பேரும் அவனோடு ஒரே தங்கும் விடுதியில் இருக்கும் ஊர்க்காரப் பையன்கள்.

அன்று சபையில் பேசப்பட்டது ஒரு மேல்நிலைத் தொட்டி எங்கே வர வேண்டும் என்பது. ஏற்கெனவே பிப்ரவரியில் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் அதை முடிவுசெய்துவிட்டார்கள். முடிந்துபோன விஷயம் மறுபடி எப்படிப் பேச்சுக்கு வந்தது, பேசியதால் எது மாறியது, எது மாறவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நண்பர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். சட்டப் பிரிவுகளைச் சொன்னால் பாதியிலேயே கவனம் போய்விடுகிறது. தொட்டிக் கதையைச் சொன்னால் புரிந்துவிடுகிறது.

ஊரும் தண்ணீரும்

எங்கள் ஊராட்சியில் சுமார் 2,400 பேர், ஒன்பது வார்டுகள். ஊரின் வடக்கே பழைய தொட்டி, 30,000 லிட்டர். அதிலிருந்து ஒரே ஒரு குழாய் தெற்கே வருகிறது. மெயின் தெரு, கடைத்தெரு, மேலத்தெரு எல்லாம் தாண்டி, கடைசியில் ஊர்க்காரர்கள் காலனி என்று சொல்லும் எங்கள் தெரு. முப்பத்தெட்டு வீடுகள், மூன்று தெருக்குழாய்கள். நான் பிறந்தது அங்கேதான்.

குழாயின் கடைசியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதை அந்தக் குழாய்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தரைக்கு மேலே இருக்க வேண்டிய குழாயைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். தாழ்வாக இருந்தால் கொஞ்சமாவது வரும். மழை பெய்தால் அந்தக் குழியில் சேறு நிற்கும். அதற்குள் குடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஓர் ஊரின் குடிநீர்க் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றால் முதலில் அந்தக் குழிகளைத் தேடிப் பாருங்கள் என்று சொல்வேன்.

2022 கடைசியில் புதிதாக இன்னொரு தொட்டிக்குப் பணம் வரப் போகிறது என்ற பேச்சு வந்தது. காலனிக்குப் பக்கத்தில் வரும் என்று எங்கள் ஆட்கள் நம்பியிருந்தார்கள்.

பிப்ரவரி: மன்றம்

ஊராட்சி மன்றம் என்பது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரும், வார்டுக்கு ஒருவராக வந்த உறுப்பினர்களும். தமிழ்நாட்டில் துணைத் தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எந்த வேலை, எவ்வளவு செலவு, எந்த இடம் என்று முடிவெடுப்பது இந்தப் பத்துப் பேர். ஊராட்சிச் செயலர் பொருள் நிரலை வாசிப்பார், ஒவ்வொன்றாகத் தீர்மானம் எழுதுவார். வெளியாள் நின்று பார்த்தாலும் அங்கே பேசவோ கை தூக்கவோ முடியாது.

அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தில் பதினொரு பொருள்கள். தெருவிளக்குப் பல்பு வாங்கிய பில், தூய்மைக் காவலர் ஊதியம், குளத்துக்கரை வேலி, இப்படிப் போய் எட்டாவதாகத் தொட்டி. பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் இருக்கும் புறம்போக்கில் தொட்டி கட்டலாம் என்று தீர்மானம். காரணம் எழுதப்படவில்லை. கூட்டம் மொத்தமே முக்கால் மணி நேரம்தான் நடந்தது என்று வந்திருந்த ஓர் உறுப்பினரே பின்னால் சொன்னார்.

காலனி வார்டு பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய தனி வார்டு, உறுப்பினர் ஒரு பெண். அவர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் மாலை பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள்; கையெழுத்துப் போட்டார். கூட்டத்துக்கு வராதவர் வந்ததாகக் கையெழுத்துப் போடுவது தவறு என்பது அவருக்கும் தெரியும், கொண்டுவந்தவருக்கும் தெரியும். ஆனால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் போய் உட்கார்ந்து எதிர்த்திருந்தாலும் ஒன்பது வார்டில் ஒரு குரல். மன்றத்தின் கணக்கு அதுதான்: தெருவில் எத்தனை குடம் காலியாக இருந்தாலும் வார்டுக்கு ஒரு கை.

சபை யாருடையது

கிராம சபைக்கு உறுப்பினர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் உறுப்பினர். 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது 243வது பிரிவில் இந்த வரையறை வந்தது. அதற்கு என்னென்ன அதிகாரம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லட்டும் என்று 243ஏ விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அதைச் சொல்கிறது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, நடக்கும் வேலைகளை ஆய்வு செய்வது, போன ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கையை ஏற்பது ஆகியவை சபையின் வேலை.

இங்கே காண்டோவில் குடியிருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எங்கள் காண்டோவின் நிர்வாகக் குழுவில் நான் ஆறு ஆண்டுகளாகச் செயலாளர். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை மாதக் கூட்டத்தில் குழுதான் முடிவு செய்யும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வீட்டு உரிமையாளர்களும் கூடும் பொதுக்கூட்டத்தில் கணக்கை வைத்து, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். குழு, மன்றம் மாதிரி. பொதுக்கூட்டம், சபை மாதிரி. இரண்டு விஷயத்தில் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. காண்டோவில் வராதவர் தமக்குப் பதிலாக ஒருவரைப் பதிலாளாக அனுப்பலாம்; கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்க வேண்டிய அளவு, அதாவது கோரம், பங்கு மதிப்பில் கணக்கிடப்படும், 30 விழுக்காடு வேண்டும். கிராம சபையில் பதிலாள் கிடையாது. தலைதான் கணக்கு. மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு கை, குடிசைக்காரருக்கும் ஒரு கை, அதுவும் நேரில் வந்தால்தான்.

எச்டிபியில் இருப்பவர்களுக்கு இதற்கு நேரான ஒன்று இல்லை. நகர மன்றத்தை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்கள். குடியிருப்பவர்கள் எல்லாரும் உட்கார்ந்து அதன் பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதில்லை. வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு உங்கள் புளோக்கில் வாக்கெடுப்பு வந்திருக்கும், 75 விழுக்காட்டு வீடுகள் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். அந்த ஒரு நாள் உணர்வை ஆண்டுக்கு ஆறு முறை வைத்துப் பாருங்கள். ஆறு என்பது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான், உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் 2022இல் சேர்க்கப்பட்டன.

என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய அன்றே நான் அந்தச் சபையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மேசையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் பட்டியலில் பெயர் இருந்தது. ஆனால் அவர்கள் தேக்காவில் இருந்தார்கள். கைபேசியில் பார்ப்பவரைக் கோரத்தில் சேர்க்க முடியாது. அதனால் அன்றைக்கு எங்களில் யாருக்கும் பேச உரிமை இல்லை. அதை நான் பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மே 1: எங்கே கூடியது என்பதுதான் முதல் வெற்றி

அதற்கு முன் எனக்குத் தெரிந்து கிராம சபை எப்போதும் ஊராட்சி அலுவலக வாசலில்தான் நடக்கும். அலுவலகம் மெயின் தெருவில். காலனியிலிருந்து யாராவது போனால் ஓரமாக நிற்பார்கள். உட்காரச் சொல்ல ஆள் இருக்காது. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

ஊராட்சியின் குடியிருப்புகளில் சுழற்சி முறையில் சபையை நடத்த வேண்டும், எந்த மத வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வருகிறது. ஜனவரி 26 சபையில் எங்கள் தெருப் பெண்கள் நாற்பது பேர் கையெழுத்திட்டு, மே 1 கூட்டம் காலனியில் இருக்கும் தொடக்கப் பள்ளி மைதானத்தில் நடக்க வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த முத்திரைதான் வேலை செய்தது.

எங்கள் ஊராட்சி போல 501 முதல் 3,000 வரை மக்கள் தொகை உள்ள ஊரில் சபைக்குக் கோரம் 100 பேர். அன்று வேப்பமரத்தடியில் நூற்று முப்பதுக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எங்கள் தெரு. மன்றத்தில் ஒன்பதில் ஒன்றாக இருந்த காலனி, சபையில் பாதியாகிவிட்டது. மன்றத்தில் வார்டுக்கு ஒரு குரல், சபையில் வந்தவருக்கு ஒரு குரல். இரண்டுக்கும் உள்ள ஆழமான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். இது பலம் மட்டும் இல்லை. ஆளைத் திரட்டத் தெரிந்தவர் கையில் சபை போய்விடலாம். லாரியில் ஆள் ஏற்றிக் கோரம் நிரப்பிய ஊர்க் கதைகளும் உண்டு. வராத தெருவின் குறை அங்கே கேட்காது. அதனால்தான் வார்டுக்கு ஓர் இடம் உறுதியாக இருக்கும் மன்றமும் வேண்டும்.

தலைமை தாங்கியவர் அதே ஊராட்சித் தலைவர். இரண்டு கூட்டத்துக்கும் நாற்காலி ஒன்றுதான். ஆனால் வார்டு உறுப்பினர்களுக்கு அங்கே தனி நாற்காலி இல்லை. அவர்களும் தரையில் உட்கார்ந்த வாக்காளர்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பற்றாளர் வந்திருந்தார். வரவு செலவு பிளெக்ஸ் பேனர் பள்ளிச் சுவரில் கட்டப்பட்டிருந்தது. காற்றில் அது மடங்கி மடங்கி, தொகை இருக்கும் பக்கம் தெரியாமல் போக, ஒரு பாட்டி எழுந்து போய் அதைக் கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தொட்டி பற்றிப் பேச்சு வந்ததும் முதலில் சத்தம்தான் வந்தது. தலைவர், "மன்றத்துல தீர்மானம் போட்டாச்சும்மா, இப்பக் கேட்டு என்ன செய்ய" என்றார். அப்போதுதான் என் மருமகள் கைபேசியைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். படம் ஆடியது, குரல் தெளிவாகக் கேட்டது.

அவள் ஒரு வாரமாகச் செய்த வேலையைச் சொன்னாள். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தண்ணீர் விடும் நேரத்தில் ஒவ்வொரு தெருவிலும் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்திருக்கிறாள். மெயின் தெருவில் ஒன்றரை நிமிடம். மேலத்தெருவில் மூன்று. காலனிக் கடைசிக் குழாயில் ஒன்பது நிமிடம். "ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் தண்ணி விடுறீங்க. மூணு குழாய்ல சேத்து இருபது குடம். முப்பத்தெட்டு வீடு. ஒரு வீட்டுக்கு அரைக் குடம் வருது தலைவரே. இந்த மன்றத் தீர்மானத்துல அந்த அரைக் குடம் எங்க எழுதியிருக்கு?"

மேசையில் இருந்த நாங்கள் யாரும் பேசவில்லை. சபையிலும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"விவாதிக்கப்பட்டது"

அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் எல்லாருக்கும் ஒரு நிறைவு வந்துவிடும். டீ வரும். பதிவேடு சுற்றி வரும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். பல ஊர்களில் சபை தோற்பது இந்த இடத்தில்தான். ஏனென்றால் கையெழுத்து வாங்கும் பக்கங்கள் ஒரு பக்கம், தீர்மானம் எழுதும் பக்கங்கள் இன்னொரு பக்கம். தீர்மானத்தைச் சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது போட்டவருக்கே தெரியாது.

செயலர் எழுதிய வரியை வாசிக்கச் சொல் என்று என் அக்கா மகன் மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். அவர் வாசித்தார்: "காலனிப் பகுதிக் குடிநீர்ப் பற்றாக்குறை குறித்து விவாதிக்கப்பட்டது." அவ்வளவுதான்.

காண்டோ குழுவில் ஆறு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் எனக்கு அந்த ஒரு சொல் உறுத்தியது. விவாதிக்கப்பட்டது என்றால் பேசினார்கள் என்று பொருள். பேசியதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானிக்கப்பட்டது என்றால் யார், எதை, எப்போதைக்குள் என்று வர வேண்டும். அடுத்த சபையில் அதன் மேல் எடுத்த நடவடிக்கையைக் கேட்கலாம். "மாப்பிள்ளை, விவாதம் வேண்டாம், தீர்மானம்னு எழுதச் சொல்லு, தேதி போடச் சொல்லு" என்றேன். "சரி மாமா" என்று அவன் தட்டினான். பேசும் உரிமை எனக்கு இல்லை என்று சற்று முன் சொன்னவனே நான்தான். ஒரு சொல்லை மாற்றச் சொன்னது வரம்பு மீறலா என்று பிறகு யோசித்தேன். கேட்டது அவள், கை தூக்கியது அந்த மைதானம். நான் ஒரு சொல்லைச் சுட்டினேன், அவ்வளவே.

மைதானத்தில் கால் மணி நேரம் இழுபறி. பற்றாளர் குறுக்கிட்டு, சபை கேட்பதை எழுதுங்கள் என்றார். கடைசியில் எழுதப்பட்டது இப்படி: காலனியில் நீரழுத்தம் குறைவாக இருப்பதை உதவிப் பொறியாளரைக் கொண்டு ஜூன் 30க்குள் ஆய்வு செய்வது, தொட்டி அமையும் இடத்தை அந்த ஆய்வின் அடிப்படையில் மன்றம் மறுபரிசீலனை செய்வது, ஆகஸ்ட் 15 சபையில் அறிக்கை வைப்பது. வாசித்த பிறகு கை தூக்கினார்கள். வாசித்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்தை என் மருமகள் படம் எடுத்து அனுப்பினாள். அது இன்றும் என் கைபேசியில் இருக்கிறது. இரண்டு வரிக்கு நடுவே இடம் விடாமல், கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடித்திருக்கிறார்கள். நடுவில் காலியிடம் விட்ட பதிவேடு என்றால் பின்னால் எதையும் சேர்க்கலாம்; அதை எப்போதும் பாருங்கள்.

ஜூலை: மறுபடி மன்றம்

சபை தீர்மானித்தால் தொட்டி இடம் மாறிவிடுமா? மாறாது. சபையிடம் வங்கிக் கணக்கு இல்லை. வேலைக்குப் பொறியாளரின் மதிப்பீடு வேண்டும், நிர்வாக அனுமதி வேண்டும், மன்றத்தின் தீர்மானம் வேண்டும். சபை கேட்கும், ஒப்புதல் தரும், மறுக்கும், செய்வது மன்றம்தான். இதைத் தெரியாமல் சபைத் தீர்மானத்தை நீதிமன்ற ஆணை போல நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

உதவிப் பொறியாளர் ஜூன் கடைசியில் வந்து மட்டம் பார்த்தார். அவர் சொன்னது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. பேருந்து நிறுத்தம் ஊரிலேயே மேடான இடம். காலனி அதைவிட இரண்டு மீட்டர் பள்ளம். தொட்டியை மேட்டில் வைப்பதுதான் காலனிக்கும் நல்லது. கோளாறு தொட்டியில் இல்லை, குழாயில். 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்று எல்லாத் தெருவையும் தாண்டி வருகிறது. வழியில் எத்தனையோ வீட்டு இணைப்புகள். அவற்றில் சில வீடுகள் குழாயிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகின்றன. மேலே இருப்பவர் மோட்டார் போட்டால் கடைசியில் காற்றுதான் வரும். புதுத் தொட்டியைக் காலனி வாசலிலேயே கட்டினாலும், அதை அதே குழாயோடு இணைத்தால் இதே கதைதான்.

எனக்கு இது ஒரு பெரிய பாடம். என்ன குறை என்பதைச் சபை துல்லியமாகச் சொன்னது. குடத்தை வைத்து அளந்து சொன்னது. அதற்கு மருந்து என்ன என்பதில் சபை நினைத்தது தவறாக இருந்தது. பத்துப் பேர் அமர்ந்து மதிப்பீட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் மேசையில்தான் மருந்து கிடைக்கும். ஆனால் அந்த மேசைக்கு முதலில் குறையே போய்ச் சேரவில்லையே.

ஜூலை மன்றக் கூட்டத்துக்குக் காலனி உறுப்பினர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். தொட்டி பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கட்டும். ஆனால் அதிலிருந்து காலனிக்கு வழியில் எந்த இணைப்பும் இல்லாமல் தனிக் குழாய், அதற்குத் தனி கேட் வால்வு என்று தீர்மானம் ஆனது. கூடுதல் செலவுக்கு நிதிக்குழு மானியத்தில் கை வைத்தார்கள். 15வது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிய பணம். அதை வேறு எதற்கும் திருப்ப முடியாது என்பது இங்கே கை கொடுத்தது. மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளுக்கு அறிவிப்புக் கொடுப்பது என்றும் எழுதினார்கள். அந்தப் பகுதி மட்டும் எழுத்தோடு நின்றது. அந்த வீடுகளில் ஒன்று உறுப்பினர் ஒருவருடையது.

ஆகஸ்ட் 15 சபையில் அறிக்கை வாசித்தார்கள். சிங்கப்பூரில் அன்று செவ்வாய்க்கிழமை, பையன்கள் வேலையில். இரவு எட்டு மணிக்கு மேல்தான் மருமகள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டார்களாம்.

சபையின் சொல் எவ்வளவு தூரம் போகும்

ஊருக்குள் இருக்கும் குழாய்க்கு இவ்வளவு என்றால், ஊருக்கு வெளியிலிருந்து வரும் முடிவுகளுக்கு? மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பீர்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் தேர்வான நிறுவனத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அந்த மாதமே 23ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், பிறகு ஊர்வலங்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. சபைத் தீர்மானம் மட்டுமே ரத்து செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் வேண்டாம் என்று சொன்னதற்கு எழுத்துச் சான்றாக அதுதான் முன்னால் நின்றது.

சட்டமே சபைக்கு முடிவைக் கொடுத்த இடமும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தங்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அங்கே பின்னால் இருந்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். எங்கள் ஊர் போன்ற சமவெளி ஊருக்கு அந்தக் கவசம் இல்லை.

மன்றம் இல்லாத நாளில்

புதுத் தொட்டியும் தனிக் குழாயும் 2024 தொடக்கத்தில் முடிந்தன. காலனிக் கடைசிக் குழாயில் குடம் இப்போது மூன்று நிமிடத்தில் நிறைகிறது. பழைய குழிகளை மூடிவிட்டார்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. புதுத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மன்றம் என்ற ஒன்றே ஊரில் இல்லாமல் போனது. காலனி உறுப்பினர் மறுபடி நூறு நாள் வேலைக்குப் போகும் சாதாரண ஆள் ஆகிவிட்டார். சபைக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. வாக்காளர் பட்டியல் இருக்கும் வரை சபை இருக்கும்.

2025 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை வந்தது. பையன்களுக்கு விடுமுறை. அதே தேக்காக் கடை, வேறு மேசை. மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்டவர், ஊரைத் தெரியாதவர். பொருள்களை வேகமாக வாசித்துக்கொண்டே போனார். என் மருமகள் மறுபடி எழுந்தாள். காலனி கேட் வால்வின் சாவி இதுவரை முன்னாள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருந்தது, இனிமேல் அது யாரிடம் இருக்கும், காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டாள்.

அலுவலர் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். "குறிச்சுக்க வேண்டாம் சார்" என்றாள் அவள், "தீர்மானமா எழுதுங்க. வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம்." தொட்டி இயக்குபவரிடம் சாவி, காலை ஆறு முதல் ஏழு, மாலை ஐந்து முதல் ஆறு என்று எழுதி வாசித்தார்கள். இந்த முறை தேக்காவிலிருந்து யாரும் குறுஞ்செய்தி அனுப்பவில்லை.